சம்பளப் பேச்சுக்கு ஒரு பிரெஞ்சு மின்னஞ்சல்

பிரான்சில் சம்பள உயர்வு வேண்டும் ஊழியர் பெரும்பாலும் ஒரு சிறிய மின்னஞ்சலில்தான் அந்தப் பேச்சைத் தொடங்குகிறார். பதினைந்து இருபது வரிகளுக்கு மேல் போகாத அந்த அஞ்சல் உடனடி மேலாளரின் பெயருக்குப் போகும். அதில் மூன்று செய்திகள் இருக்கும்: ஊழியர் எதைக் கோருகிறார், எந்தப் பணிகளின் பேரில் கோருகிறார், அதைப் பற்றி எப்போது உட்கார்ந்து பேசலாம். மூன்றில் கடைசியாக வருவதே அஞ்சலின் உண்மையான வேண்டுகோள். உயர்வு உண்டா இல்லையா என்ற பதிலை அஞ்சலிலேயே எதிர்பார்ப்பது பிரெஞ்சு அலுவலக வழக்கம் அல்ல. கேட்கப்படுவது ஒரு சந்திப்பு. தொகை அந்தச் சந்திப்பில் பேசப்படும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் சட்டத்தின் நிலை இருக்கிறது. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் தனியார் நிறுவனத்தின் மீது இரண்டு அடிமட்ட வரம்புகளை விதிக்கிறது. ஒன்று நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம். ‘ஸ்மிக்’ எனப்படும் அது வாரம் 35 மணி நேர வேலைக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1,801.80 யூரோவாக இருந்தது. மற்றொன்று அந்தந்தத் துறையின் கூட்டு ஒப்பந்தம், அதாவது ‘கொன்வான்சியோன் கொலெக்தீவ்’, ஒவ்வொரு வேலைத் தரத்துக்கும் குறித்துள்ள குறைந்தபட்சத் தொகை. இந்த இரண்டுக்கும் மேலே வாங்குகிறவருக்கு, ஒப்பந்தத்திலேயே வேறு வாக்குறுதி இல்லாவிட்டால், தனிப்பட்ட உயர்வு தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கோரிக்கைக்கு இத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்ற கெடுவும் இல்லை. ஆகவே அஞ்சல் உரிமை கோரும் மனுவாக எழுதப்படுவதில்லை. பேச்சுக்கு அழைக்கும் குரலில்தான் எழுதப்படுகிறது.

அஞ்சலைப் படிக்கப் போகிறவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். ஊழியருக்கு நேர் மேலே இருப்பவரைப் பிரெஞ்சு அலுவலகங்களில் ‘என் ப்ளூஸ் அன்’ என்பார்கள். ‘என்’ என்பது ஊழியர் நிற்கும் படி, அதற்கு ஒரு படி மேலே இருப்பவர் என்று பொருள். நடுத்தர நிறுவனத்தில் இவரே தொகையை முடிவு செய்வது அரிது. அவர் கோரிக்கையைத் தன் மேலதிகாரியிடமும் மனிதவளத் துறையிடமும் கொண்டு போவார், அங்கே அதற்காக வாதாடுவார் அல்லது வாதாடாமல் விடுவார். அவர் கொண்டு போகும் காகிதம் பெரும்பாலும் இதே அஞ்சல்தான். எழுதியவரின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் அதை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அந்த மூன்றாம் நபருக்கும் விளங்கும்படி எழுதவேண்டும் என்ற ஒரே தேவையிலிருந்தே இந்த அஞ்சலின் மற்ற விதிகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

எழுத உட்காருவதற்கு முன் கையில் எடுக்கவேண்டிய ஆவணம் சம்பளச் சீட்டு. எந்தக் கூட்டு ஒப்பந்தம் பொருந்தும், அதில் ஊழியரின் வேலைத்தரம் என்ன ஆகிய இரண்டையும் பிரெஞ்சுச் சம்பளச் சீட்டில் அச்சிடவேண்டும். அந்தத் தரத்துக்கு உரிய குறைந்தபட்சத்தை ஒப்பந்தத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். செய்யும் வேலை ஒரு தரம் மேலே போயிருக்க, சீட்டில் பழைய தரமே நிற்பது அடிக்கடி காணக்கூடிய ஒன்று. அப்படி இருந்தால் கோரிக்கைக்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

அதே சீட்டில் இன்னொரு வேறுபாடும் தெரியும். ‘ப்ருட்’ என்பது பிடித்தங்களுக்கு முந்திய மொத்தச் சம்பளம். ‘நெட்’ என்பது சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புகள் போன பின் மிஞ்சுவது. அதிகாரித் தரத்தில் இல்லாத ஊழியருக்கு இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 22 சதவீதம். 2019 ஜனவரி முதல் வருமான வரியும் சம்பளத்திலேயே பிடிக்கப்படுவதால் வங்கிக்கு வந்து சேரும் தொகை இன்னும் குறையும். சம்பளப் பேச்சு முழுக்க மொத்தச் சம்பளத்தில்தான், அதுவும் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் நடக்கும். கையில் கிடைக்கும் தொகையை மனத்தில் வைத்து எழுதியவரும் மொத்தத் தொகை என்று படித்தவரும் ஒரே எண்ணைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டே சந்திப்பு முடிந்துவிடக்கூடும். ‘ப்ருட்’ என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் வரும் குழப்பம் அது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. லியோன் நகரில் பொட்டலமிடும் பொருள்களை விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒரு பெண் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார் என்று கொள்வோம். வாடிக்கையாளர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்புவதும் வரவேண்டிய பணத்தை வசூலிப்பதும் அவர் பொறுப்பு. மொத்தச் சம்பளம் மாதம் 2,600 யூரோ, ஆண்டுக்கு 31,200. அவருக்குக் கடைசியாகக் கிடைத்தது 2024 ஜனவரியில் எல்லோருக்குமாக வழங்கப்பட்ட பொது உயர்வு. 2025 மார்ச்சில் ஒரு சக ஊழியர் விலகிப் போக, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப்படவில்லை. அவர் பார்த்துவந்த வேலையின் பெரும்பகுதியும் இவர் மேசைக்கு வந்துவிட்டது. நிதிப் பிரிவின் தலைவி அவருடைய மேலாளர். இருவரும் மரியாதைப் பன்மையில் பேசிக்கொள்பவர்கள். 2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை காலையில் அவர் அனுப்பும் அஞ்சல் தமிழில் ஏறக்குறைய இப்படி அமையும்:

*பொருள்: என் ஊதிய நிலை குறித்துச் சந்திப்பு வேண்டுதல்*

*வணக்கம் மேடம்,*

*2022 செப்டம்பர் முதல் கணக்குப் பிரிவில் வாடிக்கையாளர் விலைப்பட்டியல், வசூல் ஆகியவற்றைக் கவனித்து வருகிறேன். இந்தக் காலத்தில் என் பொறுப்புகள் விரிந்திருப்பதால், என் ஊதியத்தை மறு ஆய்வு செய்வது பற்றித் தங்களோடு பேச விரும்புகிறேன்.*

*2024 ஜனவரியில், கெடு கடந்து முப்பது நாளுக்கு மேல் வராமல் நின்ற தொகை 69,000 யூரோ. வாராந்திர நினைவூட்டல் முறை ஒன்றை நான் ஏற்படுத்திய பின், இந்தச் செப்டம்பர் இறுதியில் அது 31,000 யூரோவாகக் குறைந்துள்ளது (நிர்வாகமே பேசித் தீர்த்த பெரிய நிலுவை இந்த இரு எண்களிலும் சேரவில்லை).*

*இந்த மார்ச் முதல், மாதம் சுமார் 120 வழங்குநர் விலைப்பட்டியல்களைச் சரிபார்க்கும் பணியையும் ஏற்றுள்ளேன். மாத இறுதிக் கணக்கு முடிப்பு ஒருமுறைகூடத் தள்ளிப்போகவில்லை.*

*2026 செப்டம்பரில் வரும் மின் விலைப்பட்டியல் மாற்றத்துக்கான ஆயத்தப் பணியை எங்கள் பிரிவில் ஏற்று நடத்தவும் விருப்பம் கொண்டுள்ளேன்.*

*இவற்றைக் கருதி, மாத மொத்தச் சம்பளத்தை 2,800 யூரோவாக உயர்த்துவது பற்றித் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.*

*அக்டோபர் 14 செவ்வாய் பிற்பகலிலோ 16 வியாழன் காலையிலோ அரை மணி நேரம் தங்களால் ஒதுக்க இயலுமா? வேறு நேரம் தங்களுக்கு வசதி என்றால் அதற்கேற்ப என்னை அமைத்துக்கொள்கிறேன்.*

*தங்கள் பதிலை எதிர்நோக்கி,*

*அன்புடன்*

பொருள் வரியில் ‘உயர்வு’ என்ற சொல் வராததைக் கவனிக்கலாம். பிரெஞ்சில் நேரடி உயர்வுக்கு ‘ஓக்மான்தாசியோன்’ என்று பெயர். அது தவறான சொல் அல்ல, பேச்சில் எல்லோரும் சொல்வதும் அதையேதான். ஆனால் எழுத்தில் ‘எவொலுசியோன்’, ‘ரெவலோரிசாசியோன்’ ஆகியவை விரும்பப்படுகின்றன. முன்னது வளர்ச்சி. பின்னது ஒன்றின் மதிப்பை அதற்குரிய இடத்தில் மீண்டும் வைத்தல். இரண்டாம் சொல்லுக்குள்ளேயே ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது: வேலையின் மதிப்பு ஏற்கெனவே கூடிவிட்டது, சம்பளம் அதை எட்டவேண்டும் என்பது. பொருள் வரியில் ‘சந்திப்பு’ என்ற சொல் முதலில் வருவதும் நல்லது. நூறு அஞ்சல்களுக்கு இடையில் அதைப் பார்க்கும் மேலாளர், இப்போதே முடிவெடுக்கவேண்டிய சிக்கல் என்று ஒதுக்கிவைக்காமல், நாட்குறிப்பைத் திறந்தால் போதும் என்று எடுத்துக்கொள்வார்.

விளிப்பில் தமிழருக்கு நன்கு பழகிய சிக்கல் ஒன்று எதிர்ப்படுகிறது. பிரெஞ்சிலும் ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு. ‘த்யூ’ முதலாவது, ‘வூ’ இரண்டாவது. பல பிரெஞ்சு அலுவலகங்களில் மேலாளரையே முதற்பெயர் சொல்லி ‘த்யூ’ போட்டுப் பேசுகிறார்கள். சம்பளம் கேட்கும் நேரத்தில் மட்டும் மரியாதை கூடட்டும் என்று ‘வூ’வுக்கு மாறுவது பணிவாகத் தோன்றாது. தினமும் ‘அக்கா’ என்று அழைத்தவரை ஒருநாள் ‘மதிப்புக்குரிய அம்மையீர்’ என்று எழுதி அழைத்தால் அவர் மனத்தில் என்ன ஓடுமோ, அதுவேதான் அங்கும் ஓடும். ஏதோ மனத்தாங்கல், விஷயம் வழக்கு வரை போகப்போகிறதோ என்ற ஐயம் எழும். நாள்தோறும் எந்தச் சொல்லோ, அஞ்சலிலும் அந்தச் சொல்லே இருக்கவேண்டும். ‘வூ’ என்று பேசிக்கொள்பவர்களுக்கு ‘போன்ஜூர் மதாம்’ அல்லது ‘போன்ஜூர் மெசியே’ போதும்.

தொடக்க வாக்கியம் உடனே விஷயத்துக்கு வந்துவிடுகிறது. நலம் விசாரிக்கும் பத்தி பிரெஞ்சு அலுவலக அஞ்சலில் தேவைப்படுவதில்லை. பணிவு முழுவதையும் வினையின் உருவம் தாங்கிக்கொள்கிறது. ‘ஜ வே’ என்றால் ‘எனக்கு வேண்டும்’. கடைக்காரரிடம்கூட யாரும் இப்படிக் கேட்பதில்லை. ‘ஜ வூத்ரே’, ‘ஜ சுவெத்ரே’ என்று நிபந்தனை வடிவத்துக்கு மாற்றும்போது ‘இயலுமானால் விரும்புவேன்’ என்ற தணிந்த தொனி கிடைக்கிறது. சந்திப்பு கேட்கும் வரியிலும் ‘முடியுமா’ என்பதைவிட ‘முடியக்கூடுமா’ என்ற வடிவமே வரும். ஆனால் இந்தத் தணிப்பு ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை போதும். ‘தங்களுக்கு எழுதத் துணிகிறேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும், தவறாக எண்ணவேண்டாம்’ என்று அடுக்கிக்கொண்டே போனால், எழுதியவருக்கே தன் கோரிக்கையில் நம்பிக்கை இல்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அஞ்சலின் எடை முழுவதும் பணிச் சாதனைகளில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ‘விலைப்பட்டியல்களை உரிய காலத்தில் அனுப்புகிறேன், வாடிக்கையாளர்களிடம் கனிவாகப் பேசுகிறேன்’ என்பது வேலை விவரம். அதற்குத்தான் இப்போதைய சம்பளம். சாதனை என்று சொல்ல நான்கு கூறுகள் வேண்டும். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இடையில் எவ்வளவு காலம், அந்த மாற்றத்தில் எழுதியவர் செய்தது என்ன. மேலே உள்ள வசூல் பத்தியில் இந்த நான்கும் இரண்டே வாக்கியங்களில் அடங்கியிருக்கின்றன. மனிதவளத் துறையில் இருப்பவருக்குக் கணக்குப் பிரிவின் நுணுக்கம் தெரியாது. ஆனால் 69,000 என்பது 31,000 ஆனது அவருக்கும் புரியும்.

அந்த எண் எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். கணக்கு மென்பொருளில் 2024 ஜனவரிக்கான நிலுவை உண்மையில் 84,000 யூரோ என்று காட்டுகிறது. அதிலிருந்து 31,000 வரை வந்தது என்று எழுதினால் 53,000 யூரோ குறைந்ததாகிவிடும், பார்வைக்கும் பெரிதாக இருக்கும். ஆனால் அதில் 15,000 யூரோ ஒரே வாடிக்கையாளரிடம் நின்ற பழைய தகராறு. நிறுவனத் தலைவரே பேசி முடித்தது. நிதிப் பிரிவின் தலைவிக்கு அது நன்றாகத் தெரியும். அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்ட அஞ்சலை அவர் படித்தால், அந்த 15,000 மட்டும் அல்ல, மீதமுள்ள 38,000 மீதும் ஐயம் விழும். எனவே எழுதுபவர் அதை இரு பக்கமும் கழித்துவிடுகிறார், கழித்ததையும் சொல்லிவிடுகிறார். மேலாளர் இந்த எண்ணைத் தன் மேலதிகாரியிடம் தயக்கமின்றி எடுத்துச் சொல்ல முடிவது அதனால்தான். எண் பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிறகுதான்.

வினைச்சொல்லும் இதே நேர்மையைக் காக்கவேண்டும். தனியே செய்து முடித்ததற்கு ‘நடத்தினேன்’, பிறரோடு சேர்ந்து செய்ததற்கு ‘பங்களித்தேன்’, விட்டுச் சென்றவரின் வேலையை எடுத்துக்கொண்டதற்கு ‘ஏற்றேன்’ என்று பிரெஞ்சிலும் தனித்தனி வினைகள் உண்டு. அவற்றை மாற்றிப் போட்டால் அறையில் இருக்கும் ஒருவருக்காவது உடனே தெரிந்துவிடும். சாதனைகள் மூன்றுக்கு மேல் போகாமல் இருப்பதும் நல்லது. பத்தை அடுக்கினால் வலுவான மூன்றும் கூட்டத்தில் கரைந்துபோகும். அந்த மூன்றில் ஒன்று எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தால் பேச்சு எளிதாகும். எடுத்துக்காட்டில் அது மின் விலைப்பட்டியல். 2026 செப்டம்பர் 1 முதல் பிரான்சில் நிறுவனங்கள் மின் விலைப்பட்டியல்களைப் பெறும் நிலையில் இருக்கவேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. எப்படியும் யாரோ ஒருவர் செய்தாகவேண்டிய வேலை அது. அதை ஏற்க ஒருவர் முன்வருவது நிறுவனத்துக்கும் தேவைப்படும் செய்தி.

தொகையை அஞ்சலிலேயே எழுதலாமா என்பதில் பிரெஞ்சு ஆலோசகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சந்திப்பில் நேரில் சொல்வதே நாகரிகம், முன்கூட்டியே எழுதினால் பேரத்துக்கு இடம் குறையும் என்பது ஒரு தரப்பு. மேலாளரே முடிவெடுக்கும் சின்ன நிறுவனத்தில் அது சரி. ஆனால் அஞ்சல் கைமாறிப் போகும் இடத்தில் எண் இல்லாத கோரிக்கையைக் கொண்டு மனிதவளத் துறையால் எதுவும் கணக்கிட முடியாது. மேலாளர் வெறுங்கையோடு சந்திப்புக்கு வருவார், ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணை எழுதிவிடுவதே மேல். எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். ‘2,700 முதல் 2,850 வரை’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் நிற்பது 2,700 மட்டுமே.

எடுத்துக்காட்டில் கேட்கப்படும் உயர்வு மாதம் 200 யூரோ, அதாவது 7.7 சதவீதம். ஆண்டு மொத்தம் 33,600 ஆகும். கைக்கு வருவது, வருமான வரிக்கு முன், 2,030 அளவிலிருந்து 2,185 அளவுக்கு உயரும். மாதம் சுமார் 155 யூரோ கூடுதல். நிறுவனத்துக்கோ செலவு 200 யூரோவுக்கு மேல், ஏனெனில் தன் பங்குச் சமூகப் பங்களிப்பையும் அது தனியே கட்டவேண்டும். இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று சந்திப்பில் கட்டாயம் கேட்பார்கள். அதே வேலைக்கு லியோன் பகுதியில் வரும் விளம்பரங்களில் குறிக்கப்படும் சம்பளம், கூட்டு ஒப்பந்த அட்டவணையில் அடுத்த தரத்துக்குரிய தொகை ஆகியவை பதிலாக நிற்கும். ‘கத்ர்’ எனப்படும் அதிகாரித் தரத்தில் இருப்பவர்களுக்கு, அவர்களுக்கென்றே இயங்கும் ‘ஆபெக்’ அமைப்பு வெளியிடும் சம்பள ஆய்வுகள் உதவும். இந்த ஆதாரங்களை அஞ்சலில் திணிக்கவேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டு போனால் போதும்.

எண்ணைத் தட்டச்சு செய்வதிலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. பிரெஞ்சில் ஆயிரத்தை இடைவெளியால் பிரிப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள், யூரோக் குறியை எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு வைப்பார்கள். `2 800 €` என்றும் `7,7 %` என்றும் திரையில் தெரியவேண்டும். காற்புள்ளியால் ஆயிரத்தைப் பிரிக்கும் நம் பழக்கத்தில் `2,800` என்று அடித்தால், பிரெஞ்சுக் கண்ணுக்கு அது இரண்டு புள்ளி எட்டாகத் தோன்றும். தற்குறிப்பிலும் கோரிக்கையிலும் எண்களே சாட்சியாக நிற்கும் இடத்தில் இந்தத் தடுமாற்றம் வேண்டாதது.

சந்திப்புக்கு நேரம் கேட்கும் வரியில் ‘உங்களுக்கு வசதியான நேரத்தில்’ என்று பொதுவாக விட்டுவிடுவது பணிவுதான். ஆனால் அப்படி விடப்பட்ட நேரம் வரவே வராது. இரண்டு குறிப்பிட்ட நேரங்களைச் சொல்வதே வழக்கம். நாட்குறிப்பில் உள்ள அந்தக் காலி இடத்துக்குப் பிரெஞ்சில் ‘கிரெனோ’ என்று பெயர், கோட்டை மதிலில் விடப்பட்ட இடைவெளியைக் குறித்த சொல் அது. எடுத்துக்காட்டில் தேதிகள் பன்னிரண்டு நாள் கழித்து வருகின்றன. மேலாளர் விசாரித்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று தொடங்கும் பள்ளி விடுமுறையில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே சந்திப்பு முடிந்துவிடும். அரை மணி என்று அளவு சொல்லியிருப்பதும் காரணத்தோடுதான். கேட்டது சிறியது என்றால் மறுப்பது கடினம்.

ஆண்டின் எந்த மாதம் என்பதும் பொருட்படுத்தவேண்டியது. கணக்காண்டு ஜனவரியில் தொடங்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் சம்பளத் தொகையை இலையுதிர்காலத்தில் திட்டமிடுகின்றன. ஜனவரியில் அனுப்பிய நல்ல அஞ்சலைவிட அக்டோபரில் அனுப்பிய சுமாரான அஞ்சலுக்கு வாய்ப்பு அதிகம். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் உள்ள நிறுவனங்களில், 1982 முதல் சட்டத்தில் இருக்கும் கட்டாயப் பேச்சுவார்த்தையில் பொதுச் சம்பள உயர்வு முடிவாகும். தனி உயர்வுக்கு என்ன மிஞ்சும் என்பது அதற்குப் பிறகே தெரியும் என்று சில மேலாளர்கள் சொல்வார்கள். ஆகஸ்ட் மாதம் பாதி நாடு விடுமுறையில் இருக்கும். அப்போது எழுதிப் பயனில்லை. ஞாயிறு இரவிலும் எழுதவேண்டாம். வேலை நேரத்துக்கு வெளியே அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி முதல் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. செவ்வாய் அல்லது வியாழன் காலை நல்ல நேரம்.

‘ஆந்த்ரத்தியேன்’ என்றாலே சந்திப்பு. ஆனால் பிரெஞ்சு அலுவலகத்தில் அந்தச் சொல்லின் கீழ் வேறு வேறு சந்திப்புகள் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டுச் சட்டம் ‘தொழில்முறைச் சந்திப்பு’ என்ற பெயரில் கொண்டுவந்த சந்திப்பு ஊழியரின் பயிற்சி, வேலைவளர்ச்சி ஆகியவற்றுக்கானது. பணியை மதிப்பிடுவது அதன் நோக்கம் அல்ல என்று சட்டமே சொல்கிறது. ஆண்டு மதிப்பீட்டுச் சந்திப்பு வேறு, அதில் சம்பளம் பேசப்படலாம், பேசப்படாமலும் போகலாம். பெயர் குழப்பத்தால் முதல் சந்திப்பில் சம்பளத்தை எடுத்து ‘இது அதற்கான இடம் அல்ல’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. தனியாக ஒரு சந்திப்பைக் கேட்டு, பொருள் வரியிலேயே அதன் காரணத்தைச் சொல்லிவிடுவது இதைத் தவிர்க்கிறது.

முடிவுரைக்கு ‘கோர்தியால்மான்’ அல்லது சற்று நெருக்கமான ‘பியேன் கோர்தியால்மான்’ போதும். ‘மதாம், என் மேன்மையான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்’ என்ற பொருளில் முடியும் நீண்ட வாய்பாடு இன்னும் வழக்கில் இருக்கிறது, ஆனால் அதன் இடம் பதிவுத் தபாலில் போகும் கடிதம்.

அஞ்சலில் இருக்கக்கூடாதவையும் சில உண்டு. வாடகை ஏறிவிட்டது, பிள்ளையின் படிப்புச் செலவு என்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் மேலாளரால் அவற்றை மேலே கொண்டு போய் வாதாட முடியாது. இன்னாருக்கு இவ்வளவு தருகிறீர்களே என்ற ஒப்பீடு, பேச்சைச் சம்பளத்திலிருந்து ‘உனக்கு யார் சொன்னது’ என்பதற்கு இழுத்துப் போகும். வேறு நிறுவனம் கூப்பிடுகிறது என்ற மிரட்டலை எழுத்தில் வைத்தால், போக மனமில்லாதவர் மாட்டிக்கொள்வார்.

ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஒருவருக்குக் குறைத்துத் தரப்படுகிறது என்ற நியாயமான புகார் இருந்தால் அது வேறு ஆவணம், வேறு வழி. ஒரே நிலையில் உள்ளவர்களுக்குச் சமவேலைக்குச் சமச் சம்பளம் என்ற கொள்கையைப் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996 அக்டோபர் 29 அன்று ‘போன்சோல்’ வழக்கில் உறுதிப்படுத்தியது. மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு, அந்த இடைக்காலத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்த உயர்வை ஈடுகட்டவேண்டும் என்று 2006 மார்ச் 23ஆம் நாள் சட்டம் சொல்கிறது. இவை கோரிக்கை அல்ல, உரிமை. இந்தப் பணிவான அஞ்சலுக்குள் அவற்றைக் கலந்தால் உரிமை வேண்டுகோளாகச் சுருங்கிவிடும். ஊழியர் பிரதிநிதியிடமோ தொழிற்சங்கத்திடமோ முதலில் பேசுவதே அதற்குரிய வழி.

அனுப்பிய பின் ஒரு வாரம் பத்து நாள் வரை பதில் வராவிட்டால், முதல் அஞ்சலின் மேலேயே இரண்டு வரியில் நினைவூட்டலாம். தேதிகளை மட்டும் புதிதாகத் தரவேண்டும், வாதங்களைத் திரும்பச் சொல்லவேண்டாம். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. ‘இப்போது இயலாது’ என்ற பதில் வந்தால், எப்போது இயலும், அதற்கு எதை எட்டியிருக்கவேண்டும் என்ற இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்வது அடுத்த அஞ்சலுக்கான அடித்தளம். தொகைக்குப் பதிலாகச் சிலர் ஒருமுறை வழங்கும் ஊக்கத்தொகை, கூடுதல் விடுப்பு, வீட்டிலிருந்து வேலை என்று முன்வைப்பார்கள். ஊக்கத்தொகை அந்த ஆண்டோடு நின்றுவிடும், அடிப்படைச் சம்பளத்தில் சேராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கவேண்டும்.

சந்திப்பு நடந்த அன்றே, பேசியவற்றை நான்கைந்து வரியில் எழுதி மேலாளருக்கு அனுப்பிவைப்பது நல்ல வழக்கம். ‘இன்று பேசியபடி, 2026 ஜனவரி முதல் மாத மொத்தச் சம்பளம் 2,750 யூரோ என்று தாங்கள் முன்மொழிவதாகப் புரிந்துகொண்டேன்’ என்பது போல. வாய்மொழி வாக்குறுதிக்கு அது தேதியிட்ட சாட்சி ஆகிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் மின்னஞ்சலும் சான்றாக ஏற்கப்படும். உயர்வு உறுதியானால் அது ‘அவ்னான்’ எனப்படும் ஒப்பந்த இணைப்பாகவோ நிறுவனத்தின் கடிதமாகவோ எழுத்தில் வரவேண்டும். ஜனவரிச் சம்பளச் சீட்டு வந்ததும் ‘ப்ருட்’ வரியில் புதிய எண் இருக்கிறதா, வேலைத்தரத்துக்கான கட்டத்தில் ஒப்புக்கொண்ட மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏறவில்லை என்றால் அந்த மாதமே கேட்டுவிடுவது நல்லது. சம்பளப் பாக்கியைக் கோர சட்டம் தரும் கெடு மூன்று ஆண்டுகள்.